சிவப்பு ஒளி வருகிறது, சத்தம் வரவில்லை

மாமா வீட்டில் புது டிவிக்குத் துணையாக, இரண்டு ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் கொண்ட 2.1 செட் ஒன்றை வாங்கியிருந்தார்கள். இரண்டையும் ஆப்டிகல் கேபிளால் இணைத்தும் சத்தமே இல்லை. "மாப்ளே, வயரு போயிருச்சு போல. திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிரவா?" என்றார் மாமா. அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிவியின் பின்பக்கம் போனேன்.

ஆப்டிகல் கேபிளில் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளிதான் ஓடுகிறது. தோஷிபா நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த முறை இது. டிவிக்குள் இருக்கும் சிறிய விளக்கு, நம் கண்ணால் பின்தொடரவே முடியாத வேகத்தில் அணைந்து எரிகிறது. அந்தச் சிமிட்டல்தான் ஒலி. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை அதை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகிறது. அந்த விளக்கின் நிறம் சிவப்பு என்பதால், கேபிள் நல்லதா கெட்டதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

டிவியை ஓடவிட்டு, கேபிளின் ஸ்பீக்கர் பக்க முனையை மட்டும் உருவி உள்ளங்கைக்கு நேரே காட்டினேன். ஒளிப் புள்ளி எதுவும் விழவில்லை. டிவி பக்க முனையையும் உருவினேன். டிவியில் OPTICAL என்று எழுதியிருந்த துளையின் மூடியை நகத்தால் தள்ளியதும் உள்ளே செக்கச்சிவந்த வெளிச்சம். டிவி ஒளியை அனுப்புகிறது, கேபிளுக்குள்தான் அது நுழையவில்லை.

காரணம் முனையிலேயே இருந்தது. புது கேபிளின் இரு நுனிகளிலும் தூசி படாமலிருக்கக் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருப்பார்கள். ஒரு பக்கத்துத் தொப்பியைக் கழற்றிய மாமா, மறுபக்கத்தைக் கவனிக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு மீண்டும் செருகினேன். இந்த முனை ஒரே வாட்டத்தில்தான் உள்ளே போகும். இரண்டு மூலைகள் மட்டும் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். துளையின் வடிவம் பார்த்துப் பிடித்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அந்த 'டிக்' வராவிட்டால் முழுசாக உட்காரவில்லை என்று பொருள். சுவரோடு ஒட்டிய டிவியில் கேபிள் சட்டென மடிந்திருந்தாலும் ஒளி தடைபடும். அதனால் அகலமாக வளைத்துவிட வேண்டும், மடிக்கக் கூடாது.

இப்போது உள்ளங்கையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஸ்பீக்கர் ரிமோட்டில் உள்ளீட்டை OPT-க்கும், டிவியின் ஒலி அமைப்பில் 'Sound Output' என்பதை ஆப்டிகலுக்கும் மாற்றினேன். செய்தி சேனல் கணீரென்று ஒலித்தது. மாமா சிரித்தார். அடுத்து ஓ.டி.டி.யில் ஒரு படம் போட்டார். மறுபடியும் மௌனம்!

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒளி வருகிறது என்பதற்காக ஸ்பீக்கருக்குப் புரியும் மொழி வருகிறது என்று அர்த்தமில்லை. இந்தக் கேபிளில் ஒலி இரண்டு வடிவங்களில் போகலாம். ஒன்று PCM: இடது, வலது என இரண்டு சேனல்களின் ஒலி சுருக்கப்படாமல் அப்படியே போகும். எந்த ஸ்பீக்கரும் அதைப் புரிந்துகொள்ளும். மற்றொன்று Dolby Digital: 5.1 ஒலியைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. அதை அவிழ்க்கும் டீகோடர் ஸ்பீக்கர் செட்டில் இருந்தால்தான் பாட்டு கேட்கும். இல்லாவிட்டால் மௌனம், அல்லது மழை பெய்வதுபோல் இரைச்சல். செய்தி சேனலின் ஒலியை டிவி PCM ஆக அனுப்பியது. படத்தின் ஒலியோ மூட்டையாகவே போனது. மாமாவின் 2.1 செட்டில் டீகோடர் இல்லை.

டிவி மெனுவில் 'Digital Output Format' அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அது Auto என்றிருந்தது. PCM-க்கு மாற்றியதும் படத்தில் வசனம் வந்துவிட்டது. டிவியே மூட்டையை அவிழ்த்து, இரண்டு சேனலாக்கி அனுப்புகிறது. டீகோடர் உள்ள ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் PCM வைத்தால் பின்பக்க ஸ்பீக்கர்களுக்குத் தனி ஒலி வராது. அவர்கள் Dolby Digital-ஐத் தேர்ந்தெடுப்பதே சரி. ஓ.டி.டி. தளங்கள் பயன்படுத்தும் Dolby Digital Plus இந்தக் கேபிளில் போகாது. எனவே Pass-through என்ற தேர்வு இருந்து சத்தம் வராவிட்டால், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

மாமா தன் பங்குக்கு, "கடையில தங்கமுலாம் பூசுன கேபிள் காட்டுனாங்களே, அத வாங்கியிருந்தா?" என்றார். ஒளிக்குத் தங்கத்தால் ஒரு பயனும் இல்லை. உள்ளங்கையில் சிவப்புப் புள்ளி விழுகிறதென்றால் பெரும்பாலும் கேபிள்மேல் குற்றமில்லை. மெனுவைத் திறந்து PCM வைத்துப் பாருங்கள்.