டாலர் பச்சையில் இருந்தால் நமக்குச் சிவப்பு: கரன்சி டேபிளை எப்படிப் படிக்கணும்?

உங்க தங்கச்சிக்கு அமெரிக்காவுல எம்.எஸ். சீட் கிடைச்சிருக்குன்னு வச்சுக்குவோம். அட்மிஷனை உறுதி பண்ண 5,000 டாலர் டெபாசிட் கட்டணும். ஆபீஸ்ல டீ பிரேக்கில் ஆப்பைத் திறந்து டாலர் ரேட் பார்க்கறீங்க. இப்படி ஒண்ணு வருது:

```
USD/INR     86.61   +0.19   +0.22%
Prev Close  86.42   Open  86.55
High        86.71   Low   86.38
```

(எண்கள் உதாரணத்துக்குத்தான். நீங்க படிக்கிற அன்னைக்கு ரேட் வேற எங்கேயாவது இருக்கும்.)

பச்சை கலர்ல +0.19. ஷேர் பார்த்துப் பழகின கண்ணுக்கு நல்ல செய்தி மாதிரி தெரியும். ஆனா டாலர் கட்டப் போற உங்களுக்கு இது கெட்ட செய்தி. எழுதியிருக்கற வரிசையை மட்டும் பாருங்க. USD முதல்ல, INR அப்புறம். முதல்ல இருக்கறதுதான் பொருள், ரெண்டாவது இருக்கறது விலை. ஒரு கிலோ தக்காளி எத்தனை ரூபாய்னு கேட்கற மாதிரி, ஒரு டாலர் எத்தனை ரூபாய்? 86.61. தக்காளி விலை ஏறினா பச்சை காட்டி யாரும் கை தட்ட மாட்டாங்க இல்லையா, அதே கதைதான் இங்கேயும்.

இதையேதான் மறுநாள் பேப்பர் "டாலருக்கு நிகரான ரூபாய் மதிப்பு 19 காசு சரிவு" என்று எழுதும். ஆப்பில் பிளஸ், பேப்பரில் சரிவு. ரெண்டும் ஒரே விஷயம்தான். அப்படின்னா ஹை என்பது அன்னைக்கு ரூபாய் ரொம்ப பலவீனமா இருந்த புள்ளி. லோ என்பது ரூபாய் ரொம்ப பலமா இருந்த புள்ளி. இந்தத் தலைகீழ் கணக்கு மனசுல பதிஞ்சுட்டா, பாதி டேபிள் புரிஞ்ச மாதிரி.

அந்த 0.22% டாலர் ஏறின சதவீதம். ரூபாயும் அதே 0.22% இறங்கிச்சுன்னு சொல்லலாமா? இவ்வளவு சின்ன நகர்வுக்குச் சொல்லலாம். பெரிய நகர்வுக்குக் கணக்கு உதைக்கும். 1966 ஜூன் 6-ம் தேதி இந்திய அரசு ரூபாய் மதிப்பைக் குறைச்சப்போ, 4.76 ரூபாயா இருந்த டாலர் 7.50 ஆச்சு. டாலர் கணக்கில் இது சுமார் 57.5% ஏற்றம். ரூபாய் கணக்கில் 36.5% இறக்கம். எதை வச்சு வகுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். போட்டித் தேர்வுக்குப் படிக்கறவங்க இந்த 36.5-ஐப் பார்த்திருப்பீங்க.

இப்போ ப்ரீவியஸ் க்ளோஸ். சேஞ்ச் என்கிற +0.19 எங்கிருந்து வருது? 86.61-ல் இருந்து 86.42-ஐக் கழிச்சா வருது. அதாவது முந்தைய வேலைநாள் முடிஞ்ச விலையில் இருந்து கணக்கு. இன்னைக்குக் காலையில் தொடங்கின ஓப்பன் விலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நம்ம உதாரணத்தில் ஓப்பன் 86.55. மார்க்கெட் திறக்கும்போதே 13 காசு ஏறித்தான் தொடங்கியிருக்கு. ராத்திரி அமெரிக்காவில் நடந்த ஏதோ ஒண்ணோ, கச்சா எண்ணெய் விலையோ காரணமா இருக்கலாம். நாள் முழுக்க நடந்த வியாபாரத்தில் கூடினது வெறும் 6 காசு. இதுக்கு நடுவில் லோ 86.38-ஐயும் பாருங்க. நேத்தைய முடிவை விட 4 காசு கீழே. அதாவது ஏதோ ஒரு நேரத்தில் ரூபாய் நேத்தை விட பலமாகவே இருந்திருக்கு. "சரிவு" என்ற ஒரு வார்த்தை தலைப்பில் இவ்வளவும் காணாமல் போயிடும்.

பேப்பரில் படிக்கிறவங்களுக்கு ஒரு சின்னக் குழப்பம். செவ்வாய்க்கிழமை காலைப் பேப்பரில் வரும் டேபிள் திங்கட்கிழமை நிலவரம். அதில் இருக்கும் முந்தைய முடிவு விலை வெள்ளிக்கிழமையுடையது, ஏன்னா சனி, ஞாயிறு நம்ம வங்கிகளுக்கிடையேயான கரன்சி மார்க்கெட் கிடையாது. அதேபோல, சாயங்காலச் செய்தியில் முடிவு விலைக்குப் பக்கத்தில் "தற்காலிகம்" என்று போட்டிருப்பாங்க. இறுதி விலை ஓரிரு காசு மாறி வரலாம். ரெண்டு இடத்தில் ரெண்டு எண் பார்த்துட்டு யாரோ தப்பா போட்டுட்டாங்கன்னு நினைக்க வேண்டாம்.

ஆப்புக்கும் பேப்பருக்கும் நடுவில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். இந்தியாவில் வங்கிகள் தங்களுக்குள் டாலர் வாங்கி விற்கும் மார்க்கெட் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 3.30-க்கு முடியும். பேப்பர் க்ளோஸ் என்று சொல்வது அந்த 3.30 மணி விலையை. ஆனா சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் என்று வெளியிலும் டாலர்-ரூபாய் விலை ஓடிக்கிட்டே இருக்கும். உலகம் முழுக்க விலை காட்டும் ஆப்புகள் பல அதையும் சேர்த்துக்கும், தங்களோட நாளை நியூயார்க் மாலை நேரத்தில் முடிச்சுக்கும். அது நமக்கு விடியற்காலை. அதனால ஆப்போட ப்ரீவியஸ் க்ளோஸ் வேற, சேஞ்சும் வேற. ராத்திரி 11 மணிக்கு எண் அசையுதேன்னு பார்த்தா, காரணம் இதுதான். ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதையே தொடர்ந்து பாருங்க. ஆப்போட விலையில் இருந்து பேப்பரோட க்ளோஸைக் கழிச்சா வர்ற சேஞ்ச் எதுக்கும் உதவாது.

டீமேட் ஆப்பில் USDINR என்று தேடறவங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணும். அங்கே வர்றது பெரும்பாலும் ஃப்யூச்சர்ஸ். பக்கத்தில் மாதத்தின் பெயர் ஒட்டியிருக்கும், விலை நாலு தசமம் வரை போகும், பொதுவா இன்றைய விலையை விடக் கொஞ்சம் கூடவே இருக்கும். அது வர்ற மாதத்துக்கான விலை. தங்கச்சி ஃபீஸுக்கு அது வேண்டாம்.

இப்போ உங்க 5,000 டாலருக்கு வருவோம். லோவில் வாங்கியிருந்தா 4,31,900 ரூபாய். ஹையில் வாங்கியிருந்தா 4,33,550. ஒரே நாளுக்குள் மிகச் சரியான நேரத்துக்கும் மிக மோசமான நேரத்துக்கும் வித்தியாசம் 1,650 ரூபாய். இந்த 1,650-க்காகத்தான் நிறைய பேர் நாள் முழுக்க ஆப்பை ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்காங்க.

ஆனா அந்த விலை எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. டேபிளில் இருப்பது வங்கிக்கும் வங்கிக்கும் நடுவில் நடக்கிற மொத்த வியாபார விலை. உங்களுக்கு வங்கி தர்றது கார்டு ரேட். வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு டிடி செல்லிங் ரேட், வெளியிலிருந்து வர்ற பணத்துக்கு டிடி பையிங் ரேட், கையில் வாங்கும் நோட்டுக்குத் தனி ரேட். காலையில் ஒரு தடவை போடுவாங்க, பெரிய ஆட்டம் வந்தா மாத்துவாங்க. நாள் நடுவில் விலை ஏறினா நஷ்டம் வரக்கூடாதுன்னு கொஞ்சம் இடம் விட்டு, லாபமும் வச்சுத்தான் போடுவாங்க. அதில் தப்பில்லை. எவ்வளவு வைக்கிறாங்க என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு டேபிளில் உதவுற எண் ஹை. உங்க வங்கி 87.75 சொல்லுதுன்னு வச்சுக்குங்க. மொத்தம் 4,38,750. ஏன் இவ்வளவுன்னு கேட்டா, "இன்னைக்கு மார்க்கெட் ஏறிடுச்சு சார்" என்று பதில் வரும். நீங்க கேட்க வேண்டியது இதுதான்: "மேடம், இப்போ வரைக்கும் இன்னைய ஹையே 86.71 தானே? அதுக்கு மேல ஒரு ரூபாய் நாலு காசு எதுக்கு?" அன்னைக்கு வந்த மிக மோசமான விலையையும் தாண்டி இருக்கிற 1.04 ரூபாய்க்கு மார்க்கெட் மேல பழி போட முடியாது. அது முழுக்க வங்கியோட மார்ஜின். 5,000 டாலருக்கு 5,200 ரூபாய். நீங்க உருண்டு புரண்டு பார்த்த நாள் வித்தியாசத்தை விட மூணு மடங்குக்கு மேல்.

"இப்போ வரைக்கும்" என்ற வார்த்தை முக்கியம். ஹை, லோ ரெண்டும் நாள் நகர நகர மாறும். காலை 10 மணிக்கு வாங்கின கொட்டேஷனை 10 மணி டேபிளோடு ஒப்பிடணும். சாயங்காலம் வந்த ஹையோடு ஒப்பிட்டா கணக்குத் தப்பும். வங்கி ரேட் சொன்ன அதே நிமிஷம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கறது நல்ல பழக்கம்.

இன்னொரு வங்கியோ, அந்நியச் செலாவணி நிறுவனமோ 87.05 சொன்னா 4,35,250. அப்பவும் 86.61-ஐ விட 44 காசு கூடத்தான், ஆனா முதல் இடத்தை விட 3,500 ரூபாய் மிச்சம். உங்க வங்கியிலேயே கார்டு ரேட்டுக்குப் பதிலா லைவ் ரேட் தர முடியுமான்னு கேட்டுப் பாருங்க. தொகை பெருசா இருந்தா குறைச்சுக் கொடுக்கற வங்கிகள் உண்டு. மொத்த ரூபாயா ஒப்பிடுங்க, ரேட்டை மட்டும் வேண்டாம். அனுப்பும் கட்டணம் ஒவ்வொரு இடத்திலும் வேற. கரன்சி மாத்தறதுக்கு ஜிஎஸ்டியும் உண்டு. பொதுவான முறைப்படி 4,38,750 ரூபாய்க்கு அது சுமார் 485 ரூபாய், இடத்துக்கு இடம் பெருசா மாறாது.

ஃப்ரீலான்ஸ் வேலை பார்த்து டாலர் வாங்கறவங்களுக்கு எல்லாமே திருப்பி. பச்சை உண்மையிலேயே பச்சை. நீங்க பார்க்க வேண்டியது லோ. நம்ம டேபிளில் லோ 86.38 இருக்கறப்போ வங்கி 85.40 கொடுத்தா, அந்த 98 காசு எங்கே போச்சுன்னு கேளுங்க.

டாலர் தாண்டி வேற கரன்சி பார்த்தா, ஜப்பான் யென் வரிசையில் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தியாவில் வெளியாகும் ரெஃபரன்ஸ் ரேட்டிலும் பல பேப்பர்களிலும் அது 100 யென்னுக்கான விலை. உலக ஆப்புகளில் ஒரு யென்னுக்கு. ஒரு பக்கம் ஐம்பது, அறுபதுன்னு இருக்கும், இன்னொரு பக்கம் ஒரு ரூபாய்க்கும் கீழே.

சனிக்கிழமை பணம் அனுப்ப உட்காருறவங்களுக்கும் ஒண்ணு. அன்னைக்கு ஆப்பில் தெரியறது வெள்ளிக்கிழமை உறைஞ்சு நின்ன விலை. திங்கட்கிழமை எங்கே திறக்கும்னு வங்கிக்கும் தெரியாது, அதனால வார இறுதியில் மார்ஜினைக் கூட்டி ரேட் போடற சேவைகள் உண்டு. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதிக்கு நாள் இருந்தா, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மேல, டேபிளில் ஹை, லோ ரெண்டும் உருவான பிறகு கொட்டேஷன் கேளுங்க.