குளுக்கோஸை எரிக்கலாமா, வேண்டாமா? முடிவெடுக்கும் ஒரு நொதி

இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து காலையில் எழும் ஒருவரின் ரத்தத்தில் குளுக்கோஸ் போதிய அளவு இருக்கும். ஆனாலும் அவருடைய இதயத் தசை அதில் கொஞ்சத்தையே எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை எரித்தே துடிக்கிறது. மிச்சப்படும் குளுக்கோஸ், கொழுப்பு அமிலத்தை எரிபொருளாக்க முடியாத மூளைக்கும் சிவப்பணுக்களுக்கும் போகிறது. இதயம் இப்படி விட்டுக்கொடுப்பதில் பாஸ்போபிரக்டோகைனேஸ் என்ற நொதிக்குப் பெரிய பங்கு உண்டு.

குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் கிளைகாலிசிஸ் பத்துப் படிகள் கொண்டது. அதில் மூன்றாம் படி இந்த நொதியுடையது. பிரக்டோஸ்-6-பாஸ்பேட்டோடு இரண்டாவது பாஸ்பேட்டை இது சேர்க்கிறது; அந்தப் பாஸ்பேட் ஏடிபியிலிருந்து வருகிறது. இதற்கு முந்தைய படிவரை வந்த சர்க்கரை கிளைகோஜனாகச் சேமிப்புக்கும் போகலாம், வேறு பாதையிலும் திரும்பலாம். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் சிதைவது ஏறக்குறைய உறுதி. செல்லுக்குள் இந்த வினை பின்னோக்கி நடப்பதும் இல்லை. அதனால்தான் செல் தன் முக்கியக் கட்டுப்பாட்டை இங்கே வைத்திருக்கிறது.

ஏடிபி இந்த நொதிக்கு மூலப்பொருள், அதே சமயம் தடையும்கூட. நான்கு துணை அலகுகள் சேர்ந்த இந்த நொதியில், ஒவ்வொரு அலகிலும் வினை நடக்கும் இடத்தில் ஏடிபி இறுக்கமாக ஒட்டுகிறது. கட்டுப்பாட்டுக்கென்று உள்ள இன்னோர் இடத்தில் அது தளர்வாகவே ஒட்டும். ஏடிபி குறைவாக இருக்கும்போது முதல் இடம் மட்டும் நிரம்பி வேலை நடக்கிறது. ஏடிபி பெருகினால் இரண்டாவது இடமும் நிரம்பி நொதியின் வடிவம் மாறுகிறது. பிரக்டோஸ்-6-பாஸ்பேட்டின் மீது அதற்குள்ள பிடிப்பு தளர்ந்து வேகம் குறைகிறது. தேவைக்கு மேல் ஆற்றல் இருக்கும்போது சர்க்கரை வீணாக எரியாதிருக்க இதுவே வழி.

ஆனால் ஓடும்போதும் தசையில் ஏடிபியின் அளவு அதிகம் குறைவதில்லை. அப்படியிருக்க, தேவை கூடியதை நொதி எப்படி அறிகிறது? இரண்டு அடினோசின் டைபாஸ்பேட் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஏடிபியும் ஓர் ஏஎம்பியும் உண்டாக்கும் இன்னொரு நொதி தசையில் உண்டு. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு ஏடிபி 4.8, ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்து வரும் ஏடிபி‌யின் குறை வடிவமான அடினோசின் டைபாஸ்பேட் 0.2, ஏஎம்பி 0.004 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். ஏடிபி 4.5 ஆகக் குறைந்தால் டைபாஸ்பேட் சுமார் 0.5 ஆகும், ஏஎம்பி 0.02 மில்லிமோலைத் தாண்டும். ஏடிபி 6 சதவீதமே இறங்கியிருக்கிறது, ஏஎம்பியோ ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இந்த ஏஎம்பி நொதியோடு ஒட்டி ஏடிபி போட்ட தடையை நீக்குகிறது.

சிட்ரேட் கொண்டுவருவது வேறு செய்தி. கொழுப்போ சர்க்கரையோ சிதைந்து மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் நுழையும்போது முதலில் உருவாவது சிட்ரேட்தான். அங்கே மிஞ்சுவது வெளியே வந்து, ஏடிபி போடும் தடையை மேலும் இறுக்குகிறது. கார்லண்ட், ராண்டில், நியூஸ்ஹோம் ஆகிய மூவரும் 1963-இல் எலி இதயத்தில் இதைக் காட்டினார்கள். கொழுப்பு அமிலங்கள் கிடைத்த இதயத்தில் சிட்ரேட் ஏறியது, இந்த நொதி மந்தமானது. அப்போது நொதிக்கு முன்னால் உள்ள குளுக்கோஸ்-6-பாஸ்பேட் தேங்குகிறது. அந்தத் தேக்கம் குளுக்கோஸைப் பிடித்துவைக்கும் முதல் நொதியையும் அடக்குவதால், செல் குளுக்கோஸை எடுப்பதே குறைகிறது.

கல்லீரலில் இந்த இரண்டு தடைகளுக்கும் மேலே இன்னொரு கை இருக்கிறது. 1980-இல் பெல்ஜியத்தில் கண்டறியப்பட்ட பிரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட், ஏடிபியின் தடையைத் தளர்த்துகிறது. இன்சுலின் அதை ஏற்றுகிறது, குளுக்ககான் இறக்குகிறது. கல்லீரல் தன் தேவையை மட்டுமல்ல, உடல் முழுவதின் ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டியிருப்பதே காரணம்.

தசையில் இந்த நொதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1965-இல் ஜப்பானில் தருய் விவரித்த பரம்பரை நோய் காட்டுகிறது. நோயாளிகளுக்குக் கடும் உழைப்பில் தசைப்பிடிப்பும் களைப்பும் வருகின்றன. மாவுச்சத்து நிறைந்த உணவுக்குப் பிறகு அவர்களால் இன்னும் குறைவாகவே உழைக்க முடிகிறது. உணவால் ஏறும் இன்சுலின், கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலப்பதைக் குறைக்கிறது. குளுக்கோஸோ மூன்றாம் படியைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. எனவே உழைப்புக்கு முன் மாவுச்சத்தை அதிகம் உண்ண வேண்டாம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று.