பேஸுக்கு எந்த டிஐ பாக்ஸ், கீபோர்டுக்கு எது?

கல்யாண மண்டப மேடையில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும் இருக்க, மிக்ஸர் மறுகோடியில் இருக்கும். நடுவே முப்பது மீட்டராவது வரும். சாதாரண ஜாக் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால், அலங்கார விளக்குகளின் டிம்மர் முதல் ஜெனரேட்டர் வரை எல்லாவற்றின் இரைச்சலும் அதில் ஏறிக்கொள்ளும். அதற்காகத்தான் கருவிக்குப் பக்கத்திலேயே டிஐ பாக்ஸ் என்ற சின்ன உலோகப் பெட்டியை வைக்கிறார்கள். கருவியின் சிக்னலை மைக் சிக்னல் போல மாற்றி, வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடக்கூடிய மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளில் அது அனுப்பிவைக்கும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பேசிவ் பெட்டிக்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான், கரண்டே தேவையில்லை. வந்த வோல்டேஜைப் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்காக அது இறக்கிவிடும். ஆக்டிவ் பெட்டிக்குள் எலெக்ட்ரானிக் சர்க்யூட் உண்டு. மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரிலோ 9 வோல்ட் பேட்டரியிலோ அது ஓடும். ஆக்டிவ்தான் உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கருவிக்குள் கரண்டில் ஓடும் சர்க்யூட் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பெட்டியைத் தீர்மானிக்கிறது.

ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை எடுத்துக்கொள்வோம். 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் இந்த வகைதான். ஆம்ப்பில் ஒலிக்கவிட்டு மைக் வைக்காமல், நேராகவே ரெக்கார்டிங் மேசைக்குக் கொடுத்தார்கள். இதில் பேட்டரி கிடையாது. கம்பி அதிர்வதால் பிக்கப் சுருளில் பிறக்கும் மெல்லிய சிக்னல் மட்டுமே வெளியே வரும். அதைப் பெறும் பெட்டி, கருவியிலிருந்து எவ்வளவு குறைவாகக் கரண்டை இழுக்கிறதோ அவ்வளவு நல்லது. தரமான பேசிவ் பெட்டியான ரேடியல் ஜேடிஐயின் இன்புட் இம்பீடன்ஸ் சுமார் 140 கிலோ ஓம். ஆக்டிவ் பெட்டிகள் பலவற்றில் இது ஒரு மெகா ஓம்; கன்ட்ரிமேன் டைப் 85இல் 10 மெகா ஓம்.

வித்தியாசத்தை வால்யூம் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். பிரிசிஷன் பேஸில் வழக்கமாக இருப்பது 250 கிலோ ஓம் குமிழ். அதை மின்தடையின் நடுப்புள்ளிக்குத் திருப்பினால், குமிழ் மட்டுமே சிக்னலின் வழியில் 60 கிலோ ஓமுக்கு மேல் தடையாக நிற்கும். அப்போது 140 கிலோ ஓம் பெட்டிக்குப் போனால், சிக்னலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காணாமல் போகும். ஒரு மெகா ஓம் பெட்டியில் நஷ்டம் சுமார் ஆறு சதவீதம்தான். ஸ்லாப் வாசிக்கும்போது வரும் 'டக்' என்ற முனை மழுங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே. அந்த மழுங்கலையே விரும்புகிற பேஸ் கலைஞர்களும் உண்டு, அது ருசி சம்பந்தப்பட்டது.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்ற பேஸில் 9 வோல்ட் ப்ரீஆம்ப் கருவிக்குள்ளேயே இருக்கிறது. அது சிக்னலைத் தள்ளிக்கொடுப்பதால் பேசிவ் பெட்டியின் சுமையைப் பொருட்படுத்தாது. கீபோர்டும் அப்படித்தான். இன்னும் சொன்னால், கீபோர்டிலிருந்து வரும் சிக்னல் மிக வலுவானது. ஆக்டிவ் பெட்டியின் சர்க்யூட் சில நேரம் அதைத் தாங்காது. சத்தமாக வாசிக்கும் இடங்களில் மட்டும் 'கரகர'வென்று உடைந்தால், பெட்டியில் உள்ள பேட் சுவிட்சைப் போட வேண்டும். பேசிவ் பெட்டியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மலிவு டிரான்ஸ்ஃபார்மர் என்றால், கீபோர்டின் அடி சுரங்களைப் பலமாக வாசிக்கும்போது இரும்பு உள்ளகம் நிரம்பி, ஒலி கொழகொழவென்றாகும். மெதுவாக வாசித்தால் சரியாகிவிடும். அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கீபோர்டு விஷயத்தில் பேசிவுக்கு இன்னொரு லாபம் உண்டு. அடாப்டரும் லேப்டாப்பும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் கிளம்பும். டிரான்ஸ்ஃபார்மர் இருபக்கத்தையும் பிரித்துவிடுவதால், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அழுத்தியதுமே பெரும்பாலும் அடங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆக்டிவ் பெட்டிகளில் அந்த அளவுக்கு அடங்காது. ஹம் நிற்கவில்லை என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது மட்டும் கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. பெட்டியே இல்லாமல் ஜாக்கையும் எக்ஸ்எல்ஆரையும் நேராக ஒட்டிய கேபிளும் வேண்டாம். மிக்ஸரில் ஃபேன்டம் போட்டிருந்தால் அந்த 48 வோல்ட் கீபோர்டின் அவுட்புட்டுக்கே போகும்.

ஸ்டீரியோ கீபோர்டுக்கு இடம், வலம் என்று இரண்டு சேனல் தேவை. ஆக, ஒரு குழுவுக்கு இரட்டைச் சேனல் பேசிவ் பெட்டி ஒன்றும், பேட்டரி இல்லாத பேஸ் என்றால் அதற்கு ஆக்டிவ் ஒன்றும் போதும். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, ஒரு நாள் பேஸுக்கும் மறுநாள் கீபோர்டுக்கும் அதுவே வேண்டும் என்றால், பேட் சுவிட்சும் அவுட்புட்டில் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஆக்டிவ் பெட்டியை வாங்கலாம்.