உங்களுக்குத் தெரியுமா? ஏவலில் பின்னால், விலக்கலில் முன்னால்

ஸ்பானிய மொழியில் நண்பரிடம் ‘சொல்’ என்பதற்கு ‘தி’ என்ற ஓரசையே போதும். ‘எனக்கு’ என்னும் ‘மே’ அதன் பின்னால் ஒட்டினால் ‘திமே’. ‘அதை’ என்னும் ‘லோ’வும் சேர்ந்தால் ‘திமேலோ’. இப்போதுதான் முதல் உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு வேண்டும். உயிரில் முடியும் சொல்லில் குறி இல்லாவிட்டால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசைக்குப் போய்விடும். ‘திமே’யில் அந்த அசை ‘தி’தான், ‘திமேலோ’வில் அது ‘மே’.

‘சொல்லாதே’ என்றால் வினையே ‘திகாஸ்’ என மாறும், பிரதிப்பெயர்கள் வரிசை மாறாமல் முன்னே வரும்: ‘நோ மே லோ திகாஸ்’. பயிற்சித்தாளில் பலரும் ‘நோ திமேலோ’ என்று நிரப்புகிறார்கள். தொடக்கத்தில் ‘நோ’ இருந்தால், ஏவல்வினையின் பின்னால் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது.