950 மாணவர்களா, 37 வகுப்புகளா?

1976-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெவில் பென்னட் ஒரு நூலை வெளியிட்டார். பெயர் ‘டீச்சிங் ஸ்டைல்ஸ் அண்ட் பியூப்பில் ப்ராக்ரஸ்’. தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டுக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து, 1967-இல் வந்த ப்ளௌடன் குழு அறிக்கைக்குப் பிறகு அந்த நாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பென்னட்டின் முடிவு அதற்கு நேர் எதிராக வந்தது. ஆசிரியர் முன்னின்று பாடம் நடத்தி, அடிக்கடி சோதித்து, ஒழுங்கை வற்புறுத்தும் பழைய முறையில் படித்த குழந்தைகளே வாசிப்பிலும் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பொதுவாக அதிகம் முன்னேறினார்கள் என்றார் அவர். பத்திரிகைகள் விடுமா? பழைய முறையை விரும்பியவர்களுக்குக் கையில் எண்களோடு ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டது.

ஆய்வில் இருந்த குழந்தைகள் சுமார் 950 பேர். அவர்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் 37 பேர். பழைய முறை, புதிய முறை, இரண்டும் கலந்த முறை என்று ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். முறை என்பது ஆசிரியருடையது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அது ஒன்றேதான். அப்படியானால் மூன்று முறைகளையும் ஒப்பிட நம் கையில் இருக்கும் சான்று 950-ஆ, 37-ஆ?

சாதாரண ரிக்ரஷன், அதாவது நம் பாடநூல்கள் தொடர்புப் போக்கு என்று சொல்லும் கணக்கு, 950 என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு குழந்தையின் மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் கூடவோ குறையவோ இருந்தால், அந்த விலகலுக்கும் பக்கத்து பெஞ்சுக் குழந்தையின் விலகலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அதன் அடிப்படை அனுமானம். உண்மையில் சம்பந்தம் இருக்கிறது. இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. அவர் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் போனால் பாடம் இருவருக்கும்தான் தேங்கும். வகுப்பில் நாலு பேர் அடங்காமல் இருந்தால் எல்லோருக்கும்தான் கவனம் சிதறும். பெரும்பாலும் இருவர் வீடும் ஒரே பகுதியில்தான் இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரு பானையிலிருந்து இருபத்தைந்து சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து பானைகளைச் சோதித்தேன் என்று யாரும் சொல்வதில்லை.

இதனால் எவ்வளவு பிசகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். பென்னட்டின் எண்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துமாறு, ஆனால் எளிமைக்காக இரண்டே முறைகளோடு வைத்துக்கொள்வோம். முறைக்கு 18 வகுப்புகள், வகுப்புக்கு 25 குழந்தைகள். ஆக ஒரு பக்கம் 450 பேர், மறுபக்கம் 450 பேர். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15. பழைய முறைக் குழந்தைகளின் சராசரி 3 மதிப்பெண் கூடுதல்.

450 தனித்தனிக் குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டால் இந்த 3-இன் திட்டப் பிழை சரியாக 1 வரும். வித்தியாசம் திட்டப் பிழையைப்போல மூன்று மடங்கு. முறைகளுக்குள் உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இப்படியொரு வித்தியாசம் தற்செயலாகத் தென்படுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுகூட இல்லை. உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ 1-க்கும் 5-க்கும் நடுவில் என்று 95 சதவீத நம்பிக்கையோடு எழுதிவிடலாம். தலைப்புச் செய்தி தயார்.

இப்போது வகுப்புகளைப் பிரித்துப் பார்ப்போம். வகுப்பு என்ற ஒன்றுக்குத் தனித் தாக்கமே இல்லையென்றால், 25 பேர் கொண்ட வகுப்புகளின் சராசரிகள் ஒன்றுக்கொன்று 3 மதிப்பெண் திட்ட விலக்க அளவில்தான் வேறுபட வேண்டும். 15-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது அதுதான். நம் தரவில் ஒரே முறையைப் பின்பற்றும் 18 வகுப்புகளின் சராசரிகளை எடுத்துப் பார்த்தால் அவற்றின் திட்ட விலக்கம் 7.2 என்று வருவதாகக் கொள்வோம். குழந்தைகளுக்கு இடையேயான தற்செயல் வேறுபாடு மட்டும் இதைத் தந்துவிட முடியாது. வகுப்புக்கு வகுப்பு வேறு எதுவோ மாறுகிறது. தரவைக் கையில் எடுத்ததும் எந்த மென்பொருளும் இல்லாமல் செய்துவிடக்கூடிய சோதனை இது.

பல்நிலை மாதிரி செய்வது இந்த வேறுபாட்டை இரண்டு பங்காகப் பிரிப்பதுதான். ஒரு குழந்தையின் மதிப்பெண் என்பது மொத்தச் சராசரி, அதோடு கற்பித்தல் முறையின் விளைவு, அதோடு அந்த வகுப்புக்கே உரிய ஒரு பங்கு, அதோடு அந்தக் குழந்தைக்கே உரிய ஒரு பங்கு. இன்று பலரும் பயன்படுத்தும் ‘ஆர்’ மென்பொருளில் இது ஒரே வரி:

```
lmer(score ~ style + (1 | class), data = d)
```

அடைப்புக்குள் இருக்கும் `(1 | class)` என்ற சிறு துண்டுதான் வித்தியாசம். ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஒரு பங்கு வைத்திருக்கட்டும் என்று அது சொல்கிறது.

திட்ட விலக்கம் 15 என்றால் விலக்க வர்க்கச் சராசரி 225. அதில் 45 வகுப்பின் பங்கு, மீதி 180 குழந்தையின் பங்கு என்று மாதிரி பிரித்துத் தருகிறது. 225-இல் 45 என்பது 0.2. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு அது. பார்ப்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் இதை வகுப்பின் அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று கணக்கெடுப்பு முறைகளில் பேர்பெற்ற லெஸ்லி கிஷ் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்: 1 + (m − 1)ρ. இங்கே m என்பது 25, ρ என்பது 0.2. விடை 5.8. நம்முடைய 900 குழந்தைகள், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 155 குழந்தைகளுக்குத்தான் சமம்.

திட்டப் பிழை 5.8-இன் வர்க்கமூல மடங்கு பெருகும். 1 என்று இருந்தது 2.4 ஆகிறது. அதே 3 மதிப்பெண் வித்தியாசத்துக்கு இப்போது −1.9-லிருந்து 7.9 வரை இடம் இருக்கிறது. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது. முறைகளுக்குள் வேறுபாடே இல்லாமல் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று அளவுக்கு இருக்கிறது. சராசரி வித்தியாசம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரிக்ரஷன் சொன்ன 3 இங்கும் 3-தான். அதன்மேல் நமக்கு இருந்த நம்பிக்கைதான் தேவைக்கு மேல் இருந்தது.

கூடுதல் குழந்தைகளைச் சேர்த்தால் சரியாகிவிடுமா? ஒரு வகுப்புச் சராசரியின் நிச்சயமின்மை இரண்டு துண்டுகளால் ஆனது: வகுப்பின் 45, பிறகு 180-ஐ 25-ஆல் வகுத்த 7.2. வகுப்புக்கு 50 பேர் என்று இரட்டித்தால் 7.2 பாதியாகும், 45 அப்படியே நிற்கும். 450 பேரைக் கூடுதலாகச் சேர்த்ததல்ல, 900 பேரைக் கூடுதலாகச் சேர்த்த பிறகும் திட்டப் பிழை 2.4-லிருந்து 2.3-க்குத்தான் இறங்கும். அந்த 900 பேரையும் புதிய வகுப்புகளிலிருந்து எடுத்திருந்தால் 1.7-க்கு இறங்கியிருக்கும். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும், பல வீண்செலவு மிச்சமாகும்.

வகுப்புச் சராசரிகளை மட்டும் வைத்துக்கொண்டு 36 எண்களை ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். எல்லா வகுப்பும் 25 பேர் என்றால் போதும், அதே 2.4-தான் கிடைக்கும். நிஜப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் 40 பேர், இன்னொன்றில் 4 பேர். நாலு பேர் வகுப்பின் சராசரி மொத்தச் சராசரியைவிட 10 கூடுதல் என்றால் அதை எவ்வளவு நம்புவது? அங்கே குழந்தைகளால் வரும் தற்செயல் 180-ஐ 4-ஆல் வகுத்த 45. வகுப்பின் பங்கும் 45. எனவே மாதிரி அந்த 10-இல் பாதியைத்தான் ஏற்று, 5 என்று மதிப்பிடும். 25 பேர் வகுப்பில் அதே 10 வந்தால் 8.6-ஐ ஏற்கும். ஆதாரம் குறைந்த இடத்தில் பொதுச் சராசரியின் பக்கம் இழுப்பது என்ற இந்த நடுவுநிலை, வகுப்புச் சராசரிகளை வெறுமனே ஒப்பிடும்போது கிடைக்காது. சிறந்த பள்ளிப் பட்டியல்களின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகளே வந்து நிற்பதற்கும் இது இல்லாததுதான் ஒரு முக்கியக் காரணம்.

ரிக்ரஷன் எப்போதும் நிச்சயமின்மையைக் குறைத்தே காட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே வகுப்புக்குள் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒப்பிட்டால், வகுப்பின் பங்கு இரு பக்கமும் இருப்பதால் கழிந்துபோகும். அங்கே சாதாரண ரிக்ரஷன் பிழையைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. முறை, ஆசிரியரின் அனுபவம், வகுப்பின் அளவு என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவானவற்றைப் பற்றிக் கேட்கும்போதுதான் ஏமாற்றம். அதேபோல மொத்தமே ஆறு வகுப்புகள் என்றால் பல்நிலை மாதிரியும் தடுமாறும். ஆறே எண்களிலிருந்து வகுப்பின் பங்கை நம்பகமாக அளக்க முடியாது.

பென்னட்டின் தரவை அதே லங்காஸ்டரில் இருந்த புள்ளியியலாளர் மர்ரே ஐட்கினும் அவருடைய சகாக்களும் மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர்களை வகைப்படுத்திய விதத்தையும் மாற்றினார்கள், குழந்தைகள் வகுப்புகளுக்குள் அடங்கியிருப்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். 1981-இல் முடிவு வெளிவந்தது. முறைகளுக்கு இடையே முன்பு தென்பட்ட உறுதியான வித்தியாசங்கள் நிற்கவில்லை. மறு ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றில் பென்னட்டின் பெயரும் ஆசிரியர்களில் ஒருவராக இருக்கிறது. தன் புகழ்பெற்ற முடிவைத் தானே உடனிருந்து தளர்த்துவதற்குப் பெரிய மனசு வேண்டும். 1986-ஐ ஒட்டி லண்டனில் ஹார்வி கோல்ட்ஸ்டீனும், அமெரிக்காவில் ஸ்டீபன் ராடன்புஷ், அந்தோனி பிரைக் ஆகியோரும் இத்தகைய கணக்குகளைக் கணினியில் போடும் வழிகளைச் செம்மைப்படுத்தினார்கள்.

மறு ஆய்வு வந்ததும் இரண்டு முறையும் ஒன்றுதான் என்று நிரூபணமாகிவிட்டதாகச் சிலர் பேசினால், அதுவும் தவறு. நம் கணக்கின் −1.9 முதல் 7.9 வரை என்ற வீச்சில் பூஜ்யம் இருப்பதுபோலவே 7-உம் இருக்கிறது. பழைய முறை மிக நல்லது என்பதையும் அந்தத் தரவு மறுக்கவில்லை. போதாக்குறைக்கு, பென்னட்டின் ஆசிரியர்கள் தங்கள் முறையைத் தாங்களே வைத்திருந்தவர்கள். யாரும் சீட்டுக் குலுக்கி ஒதுக்கவில்லை. இன்ன முறையை விரும்பும் ஆசிரியர் வேறு விதங்களிலும் வித்தியாசமானவராக இருக்கலாம். அந்தச் சிக்கலை எந்தப் பல்நிலை மாதிரியும் தீர்க்காது. 3 மதிப்பெண் வித்தியாசம் உண்மையிலேயே இருந்து, அதைப் பத்துக்கு எட்டு முறை கண்டுபிடிக்க வேண்டுமானால், நம் எண்களின்படி பக்கத்துக்குச் சுமார் 90 வகுப்புகள் தேவை. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தேர்வு வைத்து அந்த மதிப்பெண்ணையும் மாதிரியில் சேர்த்தால், வகுப்பின் 45-இல் ஒரு பெரும்பகுதி கரைந்து, தேவைப்படும் வகுப்புகள் கணிசமாகக் குறையும். பென்னட் அந்த முன்தேர்வை வைத்திருந்தார். அவரிடம் குறைவாக இருந்தது வகுப்புகளின் எண்ணிக்கைதான்.