“மீடியா கிட் அனுப்புங்க மேடம்!” – பிராண்டுகள் கேட்பது என்ன, கொடுக்க வேண்டியது என்ன?

‘உங்கள் சமையல் வீடியோக்கள் பிடித்திருக்கின்றன. மீடியா கிட் அனுப்ப முடியுமா?’

இன்ஸ்டாகிராமில் ஓரளவு பார்வையாளர்களைச் சேர்த்துவிட்டவர்களின் மெயிலுக்கு ஒருநாள் இப்படியொரு வரி வந்து சேரும். பலரும் செய்வது, ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை தெரியும்படி புரொஃபைலை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ‘எவ்வளவு தருவீங்க?’ என்று கேட்டு அனுப்பிவிடுவது. அதோடு அந்தப் பக்கம் அமைதியாகிவிடும்.

மீடியா கிட் என்பது இரண்டு பக்க அறிமுகத் தாள். தன் வீடியோக்களை யார் பார்க்கிறார்கள், இதுவரை என்ன வேலை செய்திருக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். அதை எப்படித் தயாரிப்பது என்று பார்க்க ஓர் உதாரணப் பெண்மணி. கோவையில் வசிப்பவர். அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, பச்சைப்பயறு கடைசல் என்று கொங்குச் சமையலை வீடியோவாகப் போடுகிறார். 18,400 ஃபாலோயர்ஸ். மெயில் அனுப்பியது, கோவை, திருப்பூர், ஈரோட்டில் கடைகள் வைத்திருக்கும் ஒரு செக்கு எண்ணெய் நிறுவனம். (இனி வரும் எண்களும் தொகைகளும் கணக்கு புரிவதற்காகத்தான். அவரவர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.)

வைரல் வீடியோவை நம்பாதீர்கள்

முதலில் பார்வையாளர் எண்கள். இவர் கடைசியாகப் போட்ட 10 ரீல்ஸின் பார்வைகள் இவை: 6,200, 4,800, 1,42,000, 7,100, 5,500, 3,900, 8,300, 6,000, 5,200, 7,400. நடுவில் ஒரு தக்காளிச் சட்னி மட்டும் ஓடோ ஓடென்று ஓடியிருக்கிறது.

பத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 19,640 வருகிறது. ‘சராசரி 20,000 பார்வைகள்’ என்று போட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், அந்த ஒரு சட்னியைத் தவிர வேறு எந்த ரீலும் 10,000-ஐக்கூடத் தொடவில்லை. பிராண்டில் இருப்பவர் பக்கத்தைத் திறந்து விரலால் இரண்டு முறை தள்ளினாலே இது தெரிந்துவிடும். அப்புறம் கிட்டில் இருக்கும் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

சரியான வழி சுலபமானது. பத்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும். நடுவில் நிற்கும் இரண்டு எண்கள் 6,000, 6,200. அவற்றின் நடுப்புள்ளி 6,100. ஆக, ‘வழக்கமாக ஒரு ரீலுக்குச் சுமார் 6,000 பார்வைகள்’ என்பதுதான் கிட்டில் வரவேண்டிய எண். சட்னி ரீலை மறைக்கவும் வேண்டாம். ‘அதிகபட்சம் 1,42,000’ என்று தனி வரியில் போடலாம்.

எந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள்?

பார்ப்பவர்கள் யார் என்ற விவரம் அதைவிட முக்கியம். கணக்கு புரொஃபஷனல் அக்கவுன்ட்டாக மாற்றப்பட்டிருந்தால், புரொஃபைலில் இருக்கும் Professional dashboard வழியாக Insights பகுதிக்குப் போகலாம். ஃபாலோயர்ஸ் பற்றிய பக்கத்தில் அவர்களின் ஊர், வயது, ஆண் – பெண் விகிதம் எல்லாம் இருக்கும். 100 ஃபாலோயர்ஸுக்குக் கீழே இருந்தால் இந்த விவரங்கள் காட்டப்படாது.

நம் கோவைப் பெண்மணிக்குக் கோவையில் 31 சதவிகிதம், திருப்பூரில் 12, ஈரோட்டில் 9. மூன்றையும் சேர்த்தால் 52. அதாவது 18,400 பேரில் சுமார் 9,500 பேர், எண்ணெய்க் கடைகள் இருக்கும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். நாடு முழுக்கச் சிதறிய ஒரு லட்சம் ஃபாலோயர்ஸ் வைத்திருப்பவரைவிட, இந்த நிறுவனத்துக்கு இவர்தான் பொருத்தமானவர். எனவே இவர் கிட்டின் முதல் வரியே, ‘என் ஃபாலோயர்ஸில் பாதிக்கு மேல் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள்’ என்று இருக்கலாம். சென்னையில் மட்டும் கடை உள்ள பிராண்டுக்கு அனுப்பும்போது அந்த வரி உதவாது. அங்கே சென்னையின் பங்கைச் சொல்ல வேண்டும்.

இந்த எண்கள் எடுக்கப்பட்ட மாதத்தையும் வருடத்தையும் கீழே குறிப்பிடுவது அவசியம். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத கிட், எக்ஸ்பயரி தேதி அச்சிடாத பால் பாக்கெட் மாதிரி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய எண்களை மாற்றிவிடுவது நல்லது. Insights பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்களையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால், பிராண்ட் ஆதாரம் கேட்கும்போது உடனே அனுப்பலாம்.

பெரிய பிராண்ட் இல்லையா? பரவாயில்லை!

இரண்டாவது, செய்த வேலைகள். ‘இதுவரை விளம்பரமே செய்ததில்லையே’ என்று பலரும் தயங்குவது இங்கேதான். கோவைப் பெண்மணியும் கட்டணம் வாங்கி எதையும் செய்ததில்லை. ஆனால், வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் தோழிக்காக மூன்று ஸ்டோரி போட்டிருக்கிறார். அதைப் பார்த்து இரண்டு நாள்களில் 27 பேர் தோழியின் வாட்ஸ்அப்பில் ஆர்டர் விசாரித்திருக்கிறார்கள். தோழியிடம் அனுமதி கேட்டு அதையே எழுதலாம்: ‘வீட்டு ஊறுகாய் தயாரிப்பாளர் – 3 ஸ்டோரிகள் – 2 நாள்களில் 27 விசாரிப்புகள். கட்டணமில்லாமல் செய்தது.’

என்ன செய்தார், என்ன விளைவு என்ற இரண்டும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகின்றன. பத்து பிராண்டுகளின் லோகோக்களை வரிசையாக ஒட்டிவைப்பதைவிட இது பலமானது. இலவசமாகப் பொருள் வந்ததை மட்டும் வைத்து, ‘இந்த நிறுவனத்தோடு பணியாற்றினேன்’ என்று எழுதக் கூடாது. ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் பிராண்டுகள் கவனிக்கின்றன. பணமோ, இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில், அது விளம்பரம் என்று பளிச்செனத் தெரிய வேண்டும் என்பது இந்தியாவில் விதி. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அதனால், கிட்டில் இணைக்கும் பழைய விளம்பர வீடியோக்களில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

கட்டணம்: முதலில் வீட்டுக் கணக்கு

மூன்றாவது, எல்லோரும் தடுமாறும் கட்டணம். ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையை வைத்து விலை சொல்வதைவிட, தன் உழைப்பிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு.

ஒரு ரீலுக்குச் சமைத்துப் படமெடுக்க 6 மணி நேரம், எடிட்டிங் 4 மணி நேரம், போன், மெயில், திருத்தங்களுக்கு 2 மணி நேரம். மொத்தம் 12. தன் ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாய் என்று அவர் வைத்தால் 3,000 ரூபாய். மளிகை, கேஸ் செலவு 500. ஆக 3,500 ரூபாய். இதற்குக் கீழே ஒப்புக்கொண்டால் கைக்காசு போட்டு வேலை செய்கிறார் என்று அர்த்தம். இந்த அடித்தொகையைக் கிட்டில் எழுத வேண்டியதில்லை. மனதில் இருந்தால் போதும். கிட்டில் 4,500 என்று போட்டால், பேரம் பேசவும் கொஞ்சம் இடமிருக்கும்.

இப்போது பிராண்டின் பக்கமிருந்து பார்க்கலாம். 4,500 ரூபாய்க்கு 6,000 பார்வைகள் என்றால், ஒரு பார்வைக்கு 75 பைசா. இதே 75 பைசாவை அந்தப் பொய்யான சராசரி 19,640-ஆல் பெருக்கி 14,730 ரூபாய் கேட்டிருந்தால்? ஒருவேளை கொடுத்தும் இருப்பார்கள். ஆனால் ரீலுக்கு வழக்கம்போல 6,000 பார்வைகள் வந்திருக்கும். ஒரு பார்வைக்கு இரண்டரை ரூபாய் வரை செலவழித்த நிறுவனம் அடுத்தமுறை கூப்பிட்டிருக்காது.

கட்டணப் பட்டியலில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் போடுவது முக்கியம். ஒரு ரீல், ஒரு முறை திருத்தத்துடன் 4,500. லிங்க்குடன் மூன்று ஸ்டோரிகள் 1,200. இவற்றோடு, பலரும் மறந்துவிடும் இரண்டு வரிகள் உண்டு.

ஒன்று, வீடியோவைப் பயன்படுத்தும் உரிமை. இவர் பக்கத்தில் போடுவதற்குத்தான் 4,500. அதே வீடியோவைப் பிராண்ட் தன் சொந்த விளம்பரமாக ஓட்ட விரும்பினால், அதற்குத் தனிக்கட்டணமும் கால அளவும் வேண்டும். ‘30 நாள்களுக்கு 1,500 ரூபாய்’ என்பதுபோல. நாள் கணக்கு எழுதாவிட்டால், இரண்டு தீபாவளி கழித்தும் அவர் முகம் அந்த எண்ணெய் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு, ‘வேறு எண்ணெய்க்கு விளம்பரம் செய்யக் கூடாது’ என்ற நிபந்தனை. அந்த நாள்களில் வேறு கம்பெனி கூப்பிட்டால் போக முடியாது. ஆகவே, அந்த இழப்புக்கும் ஒரு தொகை எழுத வேண்டும். ‘சமையல் எண்ணெய் மட்டும், 30 நாள்கள்’ என்று எல்லையும் போட வேண்டும். இல்லாவிட்டால், மசாலா விளம்பரத்துக்கும் தடை என்று அவர்கள் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

‘பணம் இல்லை, ஐந்து லிட்டர் எண்ணெய் தருகிறோம்’ என்று வந்தால்? அதன் விலையை 3,500-உடன் ஒப்பிட்டுப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

அனுப்பும் முன்…

எல்லாவற்றையும் இரண்டு பக்க பி.டி.எஃப் ஆக்கிவிடலாம். பெரும்பாலும் போனில்தான் திறந்து பார்ப்பார்கள். அதனால் எழுத்து பெரிதாக, பெரிதாக்கிப் பார்க்காமலே படிக்கும்படி இருக்கட்டும். அனுப்பும் முன் தன் போனிலேயே ஒருமுறை திறந்து படித்து, லிங்க்குகளைத் தொட்டுப் பார்த்துவிடலாம். ஃபைலின் பெயரில் பக்கத்தின் பெயரும் மாதமும் இருந்தால், பின்னால் தேடி எடுக்க அவர்களுக்கு வசதி.

வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண், குழந்தைகளின் பள்ளி விவரம் எதுவும் இதில் வேண்டாம். இந்த வேலைக்கென்று தனி மெயில் ஐ.டி வைத்துக்கொண்டால் போதும். வங்கி விவரம், வேலை உறுதியான பிறகு கொடுக்கும் பில்லில் வந்தால் போதுமானது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கிட்டைப் பார்த்துவிட்டு, ‘பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்றோ, ‘எண்களைச் சரிபார்க்க பாஸ்வேர்டு, ஓ.டி.பி. கொடுங்கள்’ என்றோ ஒருவர் கேட்டால், அவர் பிராண்ட் இல்லை. வீடியோவை விளம்பரமாக ஓட்டுவதற்கான அனுமதியைக்கூட இன்ஸ்டாகிராம் ஆப்பிலேயே கொடுத்துவிட முடியும். ஆதாரம் வேண்டும் என்பவருக்கு, எடுத்து வைத்திருக்கும் அந்த ஸ்க்ரீன்ஷாட்களே போதும்.