மப்பும் மந்தாரமுமான நாளில் சோலார்

மாடியில் சோலார் பேனல் போடலாமா என்ற பேச்சு வந்தால், வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மழைக்காலத்துல அதுல ஒண்ணுமே வராதாமே?" கேட்பவர் விவரம் தெரியாதவர் அல்ல. பல வீடுகளில் ஏற்கெனவே சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. அதே வெயிலை நம்பும் பேனல் மட்டும் எப்படி வேலை செய்யும் என்பது நியாயமான சந்தேகம்.

விடை அந்த ஹீட்டரிலேயே இருக்கிறது. ஹீட்டரின் குழாய்கள் ஒருபக்கம் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் காற்றுக்கும் மழைக்கும் இழந்துகொண்டே இருக்கும். வரவு செலவைத் தாண்டினால்தான் தண்ணீர் சூடேறும். மேகம் மூடிய நாளில் வரவு சுருங்குகிறது, செலவு அப்படியே நிற்கிறது. அதனால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் கிடைத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு சூடு கிடைப்பதில்லை. அநேகமாக ஒன்றுமே கிடைப்பதில்லை.

பேனலில் இந்தக் கணக்கு கிடையாது. அதிலுள்ள சிலிக்கான் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஓர் ஒளித்துகள் வந்து விழுந்தால் ஓர் எலக்ட்ரான் கிளம்புகிறது, அவ்வளவுதான். துகள்கள் பாதியானால் கரன்ட்டும் பாதியாகும், பத்தில் ஒன்றானால் பத்தில் ஒன்றாகும். இதற்குக் கீழே போனால் வேலையே நடக்காது என்று சொல்லும்படியான எல்லை பகல் வெளிச்சத்தில் இல்லை. அந்தத் துகள் சூரியனிலிருந்து நேராக வந்ததா, நாலு மேகத்தில் மோதிவிட்டு வந்ததா என்பதையும் சிலிக்கான் கேட்பதில்லை.

மோதிவிட்டு வருவதைச் சிதறல் ஒளி என்கிறார்கள். மழை நாளில் மட்டும் வருவதல்ல அது. உச்சி வெயிலில் ஒரு சுவரின் நிழலில் நின்று பேப்பர் படிக்கிறோமே, அந்த எழுத்துகளைக் காட்டுவது பெரும்பாலும் நீல வானத்திலிருந்து இறங்கும் ஒளிதான். தெளிவான நாளின் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1000 வாட் ஒளி விழுகிறது. அதில் நூறு, நூற்றைம்பது வாட் இப்படி வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருவது.

மேகம் வந்ததும் இந்தப் பங்கு மாறுகிறது. மேகத்துக்குள் இருக்கும் நீர்த்துளிகள் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதிகம் விழுங்குவதில்லை. நாலாபுறமும் திருப்பி விடுகின்றன. அதில் பெரும்பகுதி மேலே வானவெளிக்கே திரும்பிப் போகிறது. மிச்சம் துளிக்குத் துளி மோதி, திசை தொலைந்து, கீழே வருகிறது. மெல்லிய வெண்மேகத்தின் கீழ் நண்பகலில் நானூறு, ஐந்நூறு வாட் வரைகூடக் கிடைக்கும். வானம் சாம்பல் நிறமாக மூடிக்கொண்டால் சுமார் 200. புயல் சின்னத்தின் கருமேகம் கவிந்தால் ஐம்பதுக்கும் கீழே போகலாம். ஆகவே 'மேக நாள்' என்று ஒரே ஒரு நாள் கிடையாது. ஒரு மேக நாளுக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

இங்கேதான் சோலார் விற்க வருபவர்களும் சறுக்குகிறார்கள். "பாருங்க சார், எவ்வளவு வெளிச்சமா இருக்கு, முக்கால்வாசி வந்துடும்" என்பார்கள். நம் கண் இதற்கு நம்பத்தக்க சாட்சி அல்ல. நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் என்றால், மூடிய வானத்தின் கீழ் இருபதாயிரம் அல்லது பத்தாயிரம்தான் இருக்கும். டியூப்லைட் போட்ட அறையில் அது சில நூறு. கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால், பத்து மடங்கு குறைந்ததும் 'கொஞ்சம் மந்தமா இருக்கு' என்றுதான் நமக்குப் படுகிறது. பேனலுக்கு அது பத்து மடங்கு குறைவேதான்.

மல்டிமீட்டரை வைத்து வோல்ட் காட்டுவது இன்னொரு வித்தை. 540 வாட் பேனல் ஒன்று, எதனுடனும் இணைக்காமல் முழு வெயிலில் வைத்தால் 49 வோல்ட் அளவில் காட்டும். வெளிச்சம் பத்தில் ஒன்றாகிவிட்டாலும் நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் நிற்கும். பார்ப்பவர் அசந்துவிடுவார். ஆனால் அதே பேனலின் கரன்ட் 14 ஆம்பியரிலிருந்து 1.4 ஆம்பியருக்கு இறங்கியிருக்கும். வெளிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்வது ஆம்பியர்தான், வோல்ட் அல்ல. மேகத்தைத் துளைத்து வரும் புற ஊதாக் கதிரால் பேனல் ஓடுகிறது என்ற கதையும் உலவுகிறது. சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு மிகச் சொற்பம். பேனல் பிழைப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை ஒட்டிய அகச்சிவப்பிலும்.

இந்தியாவில் சிதறல் ஒளியை முறையாக அளக்க வழி செய்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, பிறகு இந்திய வானிலைத் துறைக்குப் போனவர். நாடெங்கும் கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை அவர் அமைத்தார். அந்த அளவுகள் 1980இல் கையேடாக வெளிவந்தன. அளக்கும் முறை எளிமையானது. ஒளியை அளக்கும் பைரனோமீட்டர் ஒன்றைத் திறந்த வானத்தின் கீழ் வைக்கிறார்கள். இன்னொன்றை, சூரிய வட்டத்தை மட்டும் மறைக்கும் ஒரு வளைந்த பட்டையின் நிழலில் வைக்கிறார்கள். முதலாவது மொத்த ஒளியைச் சொல்லும், இரண்டாவது சிதறல் ஒளியைச் சொல்லும். சென்னை போன்ற கடலோர ஊரில், ஈரப்பதமும் தூசியும் மேகமும் சேர்ந்து, ஆண்டு முழுவதும் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைச் சிதறல் ஒளியாக மாற்றிவிடுகின்றன. சிதறல் ஒளியில் பேனல் ஓடுமா என்று சந்தேகப்படுபவரின் பக்கத்து வீட்டுப் பேனல், ஆண்டு முழுதும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னையில் 3 கிலோவாட் பேனல் போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் வானம் மூடிய நண்பகல், ஒளி 200 வாட். மூன்று கிலோவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு 600 வாட். வழி இழப்புகள் போக 540 வாட் கைக்கு வரும். ஃபிரிட்ஜும் நாலு மின்விசிறியும் ஓடும், ஏசி ஓடாது. இதே பேனல் மே மாத நண்பகலில் முழு 3 கிலோவாட் தரும் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. அப்போது பேனலின் சூடு 65 டிகிரி வரை போகும். இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் விளைச்சல் குறையும். மற்ற இழப்புகளும் சேர்ந்தால் 2.3, 2.4 கிலோவாட்தான் மிஞ்சும். மழைக்காலக் குளிர்ச்சி பேனலுக்கு ஒரு சின்ன நன்மை.

நாள் கணக்கில் பார்த்தால், தெளிவான மார்ச் நாளில் அந்த வீடு பதின்மூன்று, பதினான்கு யூனிட் எடுக்கும். நவம்பரில் வெயில் அடித்தால் பகல் குறுகியதால் பன்னிரண்டு. மழையில்லாமல் மூடியிருக்கும் நாளில் ஆறு. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்து உட்கார்ந்துகொண்டால் இரண்டு. ஒரு மோசமான நவம்பரில் எட்டு நாள் கடும் மழை, பத்து நாள் மூட்டம், பன்னிரண்டு நாள் வெயில் என்று வைத்தால் மாதத்துக்கு 220 யூனிட். மார்ச்சில் கிடைப்பதில் பாதிதான். ஆனால் அந்த எட்டு நாள்களில் போனது, வெயில் அடித்திருந்தால் வந்திருக்கக்கூடிய ஒரு 80 யூனிட். ஆண்டுக்கு 4200 யூனிட் தரும் அமைப்பில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை.

மழை நாளில் பேனல் ஒன்றுமே தரவில்லை என்று அனுபவத்திலிருந்து சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. புயல் மழையில் தெருவுக்கே கரன்ட் போகும்; அப்போது சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர்மீது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பழி மட்டும் மேகத்தின்மேல் விழுகிறது.

எது காரணம் என்பதை இன்வெர்ட்டரின் செல்போன் செயலியில் வரும் அன்றைய வரைபடமே சொல்லிவிடும். வானம் ஒரே சீராக மூடியிருந்தால் தாழ்வான, வழவழப்பான ஒரு மேடு தெரியும். மேகம் விட்டுவிட்டு வந்தால் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். மேகத்தின் ஓரத்தில் பட்ட ஒளியும் நேர் வெயிலும் சேர்ந்து சில நிமிடம் வழக்கமான உச்சத்தையே தாண்டுவதும் உண்டு. கோடு வெட்டியதுபோல் பூஜ்யத்துக்கு விழுந்து அங்கேயே கிடந்தால், அது மின்தடை.

மூட்டமான நாளில் இன்னொன்றையும் சோதிக்கலாம். வெயில் நாள்களில் தினமும் மூன்று மணிக்கு வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலா, பேனலில் பழுதா? சீராக மூடிய நாளில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் தொட்டிக்குக் கூர்மையான நிழலே கிடையாது. அன்று பள்ளம் காணாமல் போனால் நிழல்தான் காரணம். அன்றும் அதே இடத்தில் இருந்தால் ஆளை அழைத்து வயரிங்கையும் பேனலையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது மின்வாரிய இணைப்பும் நெட் மீட்டரும் உள்ள வீட்டுக்கு. குறையும் யூனிட்டை வாரியத்திடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். இணைப்பே இல்லாத தோட்டத்து வீட்டின் கணக்கு வேறு. தினம் 5 யூனிட் தேவை, மழை மூன்று நாள் விடவில்லை என்றால் 15 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் பேனல் அந்த மூன்று நாளில் 6 யூனிட் தரும். பாக்கி ஒன்பதும் முன்பே பேட்டரியில் இருந்திருக்க வேண்டும். 'மேகத்தில் பேனல் வேலை செய்யாது' என்று நம்புபவர் பேட்டரியைத்தான் பெரிதாக்குவார். பேனலை 6 கிலோவாட்டாக்கினால் அதே கருமேகத்தின் கீழ் 12 யூனிட் வந்துவிடும். குறைவது மூன்று யூனிட்தான். இரவுக்கென்று எப்படியும் வாங்கப்போகும் பேட்டரி அதைத் தாங்கும். மாடியில் இடம் இருந்தால், இப்போதைய விலையில் பேனலைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் மலிவு. பேட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது, பேனல் இருபத்தைந்து ஆண்டு ஓடும்.